சேலரி ஸ்லிப்பில் ஒரு எண்ணை மாற்றினால் போதுமா? பி.எஃப் வரியில் சிக்கும் பழைய சம்பளம்

ஹோம் லோனுக்காக சேலரி ஸ்லிப்பில் சம்பளத்தை ஏற்றிக் காட்டினால் வங்கி அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? நேர்மையான ஸ்லிப் ஏன் சில சமயம் சந்தேகத்துக்கு உள்ளாகிறது? ஒரு உதாரணக் கணக்குடன் பார்க்கலாம்.

குறிச்சி சிட்கோவில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனி. அங்கே சூப்பர்வைசராக வேலை செய்பவருக்கு போத்தனூரில் வாடகை வீடு. செட்டிபாளையம் ரோட்டுப் பக்கம் ஒரு சின்ன வீடு பிடித்துப்போய், அட்வான்ஸும் கொடுத்தாகிவிட்டது. லோனுக்கு அலையும்போது ஒரு ஏஜென்ட் சொல்கிறார்: "சம்பளம் கொஞ்சம் பத்தாதுங்க. ஸ்லிப்ப வாட்ஸ்அப்ல அனுப்பிவிடுங்க, மீதிய நான் பார்த்துக்கறேனுங்க."

இந்த நபரும் கம்பெனியும் கற்பனை. ஆனால் அந்த "பார்த்துக்கறேனுங்க" என்பதற்குப் பின்னால் என்ன நடக்கும், வங்கியில் அது எந்த இடத்தில் மாட்டும் என்பதெல்லாம் நிஜம். அதைப் புரிந்துகொள்ள, இவருடைய ஸ்லிப்பை ஒவ்வொரு வரியாகப் படித்தால் போதும்.

அசல் ஸ்லிப் என்ன சொல்கிறது?

2025 ஜூலை மாத ஸ்லிப் என்று வைத்துக்கொள்வோம்.

- அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி சேர்த்து: 14,000
- வீட்டு வாடகைப்படி: 5,600
- இதர படிகள்: 8,400
- மொத்தச் சம்பளம்: 28,000
- பி.எஃப் பிடித்தம்: 1,680
- கேன்டீன் பிடித்தம்: 320
- கையில் வருவது: 26,000

இதில் பி.எஃப் எப்படி 1,680 ஆனது? அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் 12 சதவீதம் தொழிலாளர் பங்காகப் பிடிக்கப்படும். 14,000-க்கு 12 சதவீதம் சரியாக 1,680. வீட்டு வாடகைப்படியும் சும்மா வந்த எண் இல்லை. அது அடிப்படைச் சம்பளத்தில் 40 சதவீதம். அதாவது ஸ்லிப்பில் இருக்கும் எண்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒன்றை அசைத்தால் மற்றவையும் அசைந்தாக வேண்டும்.

எதற்காக மாற்றுகிறார்கள்?

கடன் தருபவர்கள் முதலில் பார்ப்பது, கையில் வரும் சம்பளத்தில் எவ்வளவு இ.எம்.ஐ-க்குப் போகலாம் என்பதை. வங்கிக்கு வங்கி இது மாறும். பாதி என்று வைத்துக்கொண்டால், 26,000 ரூபாய் வாங்குபவருக்கு அதிகபட்ச இ.எம்.ஐ 13,000. வட்டி 9 சதவீதம், காலம் 20 ஆண்டு என்றால், ஒரு லட்சம் கடனுக்கு மாதத் தவணை சுமார் 900 ரூபாய் வரும். அந்தக் கணக்கில் இவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய 14.4 லட்சம்.

வீட்டுக்காரர் கேட்பது அதற்கு மேலே. எனவே ஏஜென்ட் மொத்தச் சம்பளத்தை 42,000 ஆக்குகிறார். கையில் வருவது 40,000 ஆகிறது. இ.எம்.ஐ வரம்பு 20,000-க்கு உயர்கிறது. கடன் தகுதி சுமார் 22 லட்சமாகிவிடுகிறது. ஒரே ராத்திரியில் கிட்டத்தட்ட 8 லட்சம் கூடிவிட்டது.

ஆனால் நிஜத்தில் அக்கவுன்ட்டுக்கு வருவது அதே 26,000தான். அதில் 20,000 இ.எம்.ஐ போனால் வீட்டுச் செலவுக்கு மிஞ்சுவது 6,000. கண்டுபிடிக்கப்படாமல் லோன் கிடைத்துவிட்டாலும் நெருக்கடி குடும்பத்துக்குத்தான்.

மாற்றிய ஸ்லிப்பில் முதல் ஓட்டை

மாற்றப்பட்ட ஸ்லிப் இப்படி வருகிறது: அடிப்படை 21,000. வாடகைப்படி 8,400. இதர படிகள் 12,600. மொத்தம் 42,000. பிடித்தங்கள் 2,000. கையில் 40,000. கூட்டல் சரி, கழித்தலும் சரி. வாடகைப்படிகூட 40 சதவீதம்தான். பார்த்தவுடன் எதுவும் தப்பாகத் தெரியாது.

கடன் அதிகாரியின் கண் போவது பி.எஃப் வரிக்கு. அங்கே இன்னும் 1,680 என்றே இருக்கிறது.

அடிப்படைச் சம்பளம் 21,000 என்றால் பி.எஃப் இரண்டு வழியில் ஒன்றாக வந்திருக்க வேண்டும். முழுத் தொகைக்கும் பிடிக்கும் கம்பெனி என்றால் 12 சதவீதம், அதாவது 2,520. பல கம்பெனிகள் சட்ட வரம்போடு நிறுத்திக்கொள்ளும். அந்த வரம்பு 2014 செப்டம்பரில் மாதம் 15,000 ரூபாய் ஆனது. அதற்கு 12 சதவீதம் 1,800. ஆக 2,520 அல்லது 1,800. ஸ்லிப்பில் இருப்பதோ இரண்டும் இல்லை.

இங்கேதான் அனுபவமுள்ளவர்கள் கணக்கைத் திருப்பிப் போடுவார்கள். 1,680-ஐ 0.12 ஆல் வகுத்தால் 14,000. மாற்றியவர் மறைக்க நினைத்த அசல் அடிப்படைச் சம்பளமே பிடித்தத்தின் வழியாக வெளியே வந்துவிட்டது. வருமானப் பக்கத்தைத் திருத்துபவர்களுக்குப் பிடித்தப் பக்கம் கண்ணில் படுவதில்லை. ஏனென்றால் அவர்கள் ஏற்ற நினைப்பது சம்பளத்தைத்தானே தவிர பிடித்தத்தை இல்லை.

எல்லாக் கம்பெனிகளும் அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும் பி.எஃப் பிடிப்பதில்லை. எல்லா ஊழியருக்கும் பொதுவாகத் தரும் படிகளையும் பி.எஃப் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கேற்ப சிலர் கூடுதல் தொகைக்கும் பிடிக்கிறார்கள். அதனால் அதிகாரி "12 சதவீதம் வரவில்லை, போலி" என்று உடனே முடிவு கட்டுவதில்லை. "இந்த பி.எஃப் எந்தத் தொகைக்குப் பிடிக்கப்பட்டது? மூன்று மாதமும் அதே முறையா?" என்று கேட்பார். அதற்குப் பதில் இல்லாதபோதுதான் சந்தேகம் வலுக்கிறது.

இ.எஸ்.ஐ வரியும் அதே கதைதான்

சம்பளம் இன்னும் குறைவாக இருந்தால் பி.எஃப்-க்குப் பக்கத்தில் இ.எஸ்.ஐ வரியும் இருக்கும். 2019 ஜூலையிலிருந்து தொழிலாளர் பங்கு 0.75 சதவீதம். மாதச் சம்பளம் 21,000 வரை வாங்குபவர்கள் இதில் வருவார்கள்.

20,000 ரூபாய் சம்பளத்துக்கு இ.எஸ்.ஐ 150. இதை 32,000 சம்பளம் என்று மாற்றி, 150-ஐ அப்படியே விட்டுவிட்டால் இரண்டு கேள்விகள் எழும். 32,000 வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ எதற்கு? அப்படியே பிடித்தாலும் 240 அல்லவா வர வேண்டும்?

முதல் கேள்விக்கு நியாயமான பதில் இருக்க வாய்ப்புண்டு. இ.எஸ்.ஐ-யில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பங்களிப்புக் காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. நடுவில் இன்க்ரிமென்ட் வந்து 21,000-ஐத் தாண்டினாலும் அந்தக் காலம் முடியும்வரை பிடித்தம் தொடரும். அதனால் ஜூன், ஜூலையில் சம்பளம் உயர்ந்தவரின் ஸ்லிப்பில் செப்டம்பர் வரை இ.எஸ்.ஐ இருப்பது இயல்பு. ஆனால் அப்போதும் புதிய முழுச் சம்பளத்துக்குத்தான் 0.75 சதவீதம் பிடிப்பார்கள். எனவே இரண்டாவது கேள்வியிலிருந்து தப்ப முடியாது.

தொழில் வரி: எந்த ஊர் ஸ்லிப் இது?

இணையத்தில் கிடைக்கும் மாதிரிகளை வைத்து ஸ்லிப்பை முழுசாகப் புதிதாகத் தயாரிப்பவர்களும் உண்டு. அவர்கள் மாட்டும் இடங்களில் ஒன்று தொழில் வரி.

தமிழ்நாட்டில் தொழில் வரியை உள்ளாட்சி அமைப்புகள் அரையாண்டுக்கு ஒருமுறை வசூலிக்கின்றன. போத்தனூர் கோவை மாநகராட்சிக்குள் வருகிறது. அரசமைப்புச் சட்டம் ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் தொழில் வரி விதிக்க அனுமதிப்பதில்லை. அப்படியானால் அரையாண்டுக்கு 1,250-ஐத் தாண்டாது. சில கம்பெனிகள் அரையாண்டில் ஒரே மாதத்தில் பிடித்துவிடும். சில கம்பெனிகள் ஆறு மாதத்துக்குப் பிரித்து, அதிகபட்சமாக மாதம் 208 ரூபாய் அளவில் பிடிக்கும்.

கர்நாடகத்தில் முறை வேறு. அங்கே மாதம் 200 ரூபாய் என்பது பலரும் அறிந்த எண். கோவையில் மட்டுமே இயங்கும் கம்பெனியின் ஸ்லிப்பில் மாதாமாதம் 200 ரூபாய் தொழில் வரி இருந்தால், "இந்த மாதிரி எங்கிருந்து வந்தது?" என்று அதிகாரி யோசிப்பார். பெங்களூருவில் தலைமை அலுவலகம் வைத்திருக்கும் நிறுவனம் என்றால் அது வெறும் பேரோல் குளறுபடியாகவும் இருக்கலாம். அதனால் இதை மட்டும் வைத்து யாரும் விண்ணப்பத்தை நிராகரிப்பதில்லை. மற்ற வரிகளைக் கூர்ந்து பார்க்க வைக்கும் ஒரு குறிப்பு, அவ்வளவுதான்.

மூன்று ஸ்லிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

லோனுக்குப் பொதுவாக மூன்று மாத ஸ்லிப் கேட்பார்கள். அதற்குக் காரணம் உண்டு. தனியாகப் பார்த்தால் சரியாகத் தெரியும் ஸ்லிப், மற்ற இரண்டோடு சேரும்போது இடறும்.

நம் சூப்பர்வைசர் ஜூன் மாதத்தில் ஒரு நாள் சம்பளமில்லா விடுப்பு எடுத்திருந்தார் என்று வைத்துக்கொள்வோம். ஜூனுக்கு 30 நாள். அவருக்குச் சம்பளம் 29 நாளுக்கு. அசல் ஸ்லிப்பில் அடிப்படைச் சம்பளம் 13,533 ஆகவும், பி.எஃப் 1,624 ஆகவும் குறைந்திருக்கும். கையில் வந்தது சுமார் 25,120.

மாற்றுபவர் பெரும்பாலும் ஒரு ஸ்லிப்பைத் திருத்திவிட்டு, அதையே மாதப் பெயர் மட்டும் மாற்றி மற்ற இரண்டுக்கும் பயன்படுத்துவார். அதனால் ஜூனிலும் 40,000 என்றே இருக்கும். சில சமயம் ஜூனுக்கு "வேலை நாட்கள் 31" என்றுகூட வந்துவிடும். அல்லது 29 நாள் என்று சரியாகப் போட்டுவிட்டு, சம்பளத்தைக் குறைக்க மறந்திருப்பார்கள். நாளும் பணமும் ஒத்துப்போகாத ஸ்லிப்பைப் பேரோல் மென்பொருள் தானாகத் தயாரிப்பது அரிது.

ஆண்டு மொத்தம் என்ற பத்தி இருக்கும் ஸ்லிப்பில் இன்னொரு சோதனை எளிது. ஜூலை ஸ்லிப்பின் ஆண்டு மொத்தத்திலிருந்து ஜூன் ஸ்லிப்பின் ஆண்டு மொத்தத்தைக் கழித்தால், ஜூலை மாதச் சம்பளம் வர வேண்டும். விடுப்பே எடுக்காதவர் என்றால் ஏப்ரல் முதல் ஜூலை வரை நான்கு மாதத்துக்கு 28,000 வீதம் 1,12,000 வந்திருக்கும். மாதச் சம்பளம் 42,000 என்று மேலே போட்டுவிட்டு, கீழே ஆண்டு மொத்தம் 1,12,000 என்றே விட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்துவிடும்.

கடைசி வரியையும் அதிகாரிகள் விடமாட்டார்கள். எண்ணில் 40,000 என்று இருக்கும். எழுத்தில் "இருபத்தாறாயிரம் மட்டும்" என்று இருக்கும். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும், அவசரத்தில் திருத்துபவர்கள் மறக்கும் வரி அது.

வருமான வரி பூஜ்யம் என்றால் சந்தேகமா?

முன்பு "இவ்வளவு சம்பளத்துக்கு வரி பிடிக்கவில்லையே" என்பது ஒரு அடையாளமாக இருந்தது. இப்போது அந்தக் கோடு மேலே போய்விட்டது. 2025-26 நிதியாண்டில் புதிய வரிமுறைப்படி, சம்பளக்காரர்களுக்கு நிலைக்கழிவோடு சேர்த்து 12.75 லட்சம் வரை வரி இல்லை. அதனால் 42,000 சம்பளத்தில் வரி வரி காலியாக இருப்பதில் தவறே கிடையாது.

ஆனால் மாதம் 1.25 லட்சம் என்று காட்டினால் கதை வேறு. ஆண்டுக்கு 15 லட்சம் ஆகிறது. நிலைக்கழிவு 75,000 போக, செஸ் சேர்த்துப் புதிய வரிமுறையில் 97,500 ரூபாய் வரி. மாதத்துக்கு 8,125. பழைய வரிமுறையில் நிறைய கழிவு காட்டுபவருக்கு இது குறையலாம். ஆனால் அந்தச் சம்பளத்தில் வரி ஒரு ரூபாய்கூட இல்லை என்றால் விளக்கம் கேட்பார்கள்.

கணக்கு சரியாக இருந்தால் தப்பிவிடலாமா?

பி.எஃப் 1,680-ஐ 1,800 என்று சரியாக மாற்றி, நாள், மொத்தம், எழுத்து எல்லாவற்றையும் ஒழுங்காகப் போட்டால்? ஸ்லிப்புக்குள் இருக்கும் கணக்கில் அது தேறிவிடும். அதனால்தான் கடன் தருபவர்கள் ஸ்லிப்போடு நிறுத்துவதில்லை. கூட்டல் கழித்தல் முதல் வடிகட்டி மட்டும்தான். அடுத்து, விண்ணப்பதாரர் கையில் இல்லாத பதிவுகளுக்குப் போகிறார்கள்.

முதலாவது வங்கிக் கணக்கு. ஸ்லிப்பில் 40,000 என்றால் அக்கவுன்ட்டில் 40,000 வரவாக வேண்டும். நம் உதாரணத்தில் வந்திருப்பது 26,000. ஸ்டேட்மென்ட்டையும் சேர்த்துத் திருத்துபவர்கள் உண்டு. ஆனால் அதில் ஒரு வரவைக் கூட்டினால், அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு வரியின் இருப்பும் மாற வேண்டும். ஒரு இடத்தில் விட்டாலும் தெரிந்துவிடும். இப்போது பல நிறுவனங்கள் பி.டி.எஃப் ஸ்டேட்மென்ட்டையே நம்புவதில்லை. ரிசர்வ் வங்கி அனுமதித்த அக்கவுன்ட் அக்ரிகேட்டர் முறையில், வாடிக்கையாளரின் ஒப்புதலோடு வங்கியிலிருந்தே நேராகத் தகவலை வாங்குகிறார்கள். நடுவில் யார் கையும் படாது.

பழைய அடையாளம் ஒன்று இங்கே செல்லாமல் போனதையும் சொல்ல வேண்டும். "ஞாயிற்றுக்கிழமை சம்பளம் ஏறியிருக்கிறது, அதனால் போலி" என்று முன்பு சொல்வார்கள். நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்து எல்லா நாளும் இயங்குகிறது. சம்பளம் மொத்தமாகப் போடப் பயன்படும் நாச் முறையும் 2021 ஆகஸ்டிலிருந்து விடுமுறை நாளிலும் இயங்குகிறது. ஆக ஞாயிற்றுக்கிழமை சம்பளம் இன்று சாதாரணம்.

இரண்டாவது பி.எஃப் பாஸ்புக். நம் சூப்பர்வைசரின் பாஸ்புக்கில் ஜூலை மாதத்துக்கு அவர் பங்கு 1,680 என்று இருக்கும். கம்பெனி பங்கு இரண்டாகப் பிரிந்து, பென்ஷனுக்கு 1,166, பி.எஃப் கணக்குக்கு 514 என்று இருக்கும். ஸ்லிப்பில் 1,800 என்று மாற்றியிருந்தால், பாஸ்புக்கிலும் 1,800, 1,250, 550 என்றுதான் இருக்க வேண்டும். இருக்காது. பாஸ்புக் கம்பெனி கட்டிய பணத்தின் பதிவு. ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் திருத்தும் எதுவும் அதை எட்டாது.

மூன்றாவது கம்பெனியே. அதிகாரி ஹெச்.ஆர்-க்கு போன் போடுவார். ஆனால் ஸ்லிப்பில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்குப் பெரும்பாலும் போட மாட்டார். அந்த எண்ணும் திருத்தப்பட்டிருக்கலாம் என்பதால், வேறு வழியில் எடுத்த எண்ணில் கேட்பார். கம்பெனி உண்மையில் இருக்கிறதா என்பதைப் பொதுவெளியில் இருக்கும் ஜி.எஸ்.டி, பி.எஃப் நிறுவனப் பட்டியல்களில் பார்ப்பார். தேவைப்பட்டால் சிட்கோவுக்கே ஆள் அனுப்புவார்.

இதோடு ஃபைலையும் சோதிப்பார்கள். பி.டி.எஃப் எந்த மென்பொருளில் உருவானது, எப்போது திருத்தப்பட்டது என்ற விவரம் ஃபைலுக்குள்ளேயே பதிந்திருக்கும். மே மாத ஸ்லிப்பும் ஜூலை மாத ஸ்லிப்பும் ஒரே நாளில் பத்து நிமிட இடைவெளியில் திருத்தப்பட்டிருந்தால் கேள்வி வரும். எழுத்துரு மாறுவது, ஒரு எண் மட்டும் வரிசையிலிருந்து கொஞ்சம் விலகி நிற்பது போன்றவை கண்ணுக்கே தெரியும்.

நேர்மையான ஸ்லிப்பும் ஏன் மாட்டுகிறது?

கோவையில் சின்ன ஃபவுண்டரி, லேத் பட்டறை, ஜாப் ஒர்க் யூனிட் என்று ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பல இடங்களில் எக்செல்லில்தான் ஸ்லிப் தயாராகிறது. ஃபார்முலா போடாமல் கையால் எண் அடிப்பதால் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் கூடக் குறைய வருவது சகஜம். இதை அதிகாரிகளும் அறிவார்கள். ரூபாய்க் கணக்கில் வரும் வித்தியாசத்தையும் ஆயிரக் கணக்கில் வரும் வித்தியாசத்தையும் ஒரே தராசில் வைப்பதில்லை.

அரியர்ஸ், தீபாவளி போனஸ், முன்பணப் பிடித்தம், ஓவர்டைம் இவையும் ஒரு மாதத்தை மற்ற மாதத்திலிருந்து வேறுபடுத்தும். சம்பளத்தில் ஒரு பகுதி அக்கவுன்ட்டிலும் மீதி கையிலும் தரும் வழக்கம் உள்ள இடங்களில் ஸ்லிப்புக்கும் வங்கி வரவுக்கும் ஒத்துவராது. கடன் தருபவர்கள் பொதுவாகப் பதிவில் இருக்கும் தொகையைத்தான் கணக்கில் எடுப்பார்கள். கையில் வாங்குவது தகுதியைக் கூட்டாது.

இப்படி ஏதாவது இருந்தால், கேட்பதற்கு முன்பே விளக்கம் தருவது நல்லது. "ஜூன் மாதத்தில் ஒரு நாள் விடுப்பு, ஜூலையில் அரியர்ஸ் 3,000" என்று கம்பெனி லெட்டர்ஹெட்டில் இரண்டு வரி போதும். ஸ்லிப்பில் தவறு இருந்தால் நீங்களே திருத்தக் கூடாது. ஒரு ரூபாய்த் தவறாக இருந்தாலும் சரி, கம்பெனியிடம் சொல்லி சரியான ஸ்லிப்பை முத்திரையோடு வாங்குங்கள். சம்பள ரசீது தருவது நிறுவனத்தின் கடமை என்று 2025 நவம்பரில் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் சொல்கிறது.

மாட்டினால் என்ன ஆகும்?

லோன் நிராகரிப்பு முதல் படி மட்டுமே. விண்ணப்பங்களை ஒப்பிட்டு மோசடி அறிகுறிகளைப் பகிரும் அமைப்புகளைக் கடன் நிறுவனங்கள் பயன்படுத்துகின்றன. ஒரு இடத்தில் 42,000 என்றும், இன்னொரு இடத்தில் 28,000 என்றும் சம்பளம் காட்டியிருந்தால் அந்த முரண்பாடு அடுத்த விண்ணப்பத்தில் எழுந்து நிற்கும். ஹெச்.ஆர்-க்குப் போன சரிபார்ப்பு போனால் வேலைக்கே சிக்கல் வருவதும் உண்டு.

சட்டம் இன்னும் கடுமையானது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், ஏமாற்றிப் பணம் பெறுவது 318-வது பிரிவிலும், ஏமாற்றும் நோக்கத்தில் ஆவணம் புனைவது 336-வது பிரிவிலும் வருகிறது. இரண்டுக்கும் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. போலி என்று தெரிந்தே ஒரு ஆவணத்தைப் பயன்படுத்தினாலும், அதைத் தயாரித்தவருக்கு உள்ள அதே தண்டனை என்று 340-வது பிரிவு சொல்கிறது. "ஏஜென்ட்தான் மாத்தினாரு" என்ற பதில், மாற்றியது தெரிந்தே கையெழுத்துப் போட்டவரைக் காப்பாற்றாது.

கடன் வாங்கியவருக்கும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. ஒரு கடன் கணக்கை மோசடி என்று வகைப்படுத்தும் முன், சம்பந்தப்பட்டவரின் விளக்கத்தைக் கேட்க வேண்டும் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதைத் தொடர்ந்து 2024 ஜூலையில் வந்த ரிசர்வ் வங்கி விதிகள், நோட்டீஸுக்குப் பதில் தரக் குறைந்தது 21 நாள் அவகாசம் தரச் சொல்கின்றன. தனக்குத் தெரியாமல் ஏஜென்ட் மாற்றியிருந்தால் அதை நிரூபிக்கும் வாய்ப்பு இந்த இடத்தில்தான். அசல் ஸ்லிப்பை எந்தத் தேதியில், எந்த வடிவத்தில் அனுப்பினோம் என்ற பதிவு அப்போது கை கொடுக்கும்.

அப்படியானால் அந்த சூப்பர்வைசர் என்ன செய்யலாம்?

26,000 சம்பளத்தை 40,000 ஆக்க முடியாது. ஆனால் கடன் தகுதியைக் கூட்ட நேரான வழிகள் உண்டு. மனைவிக்குச் சம்பளம் இருந்தால் இணை விண்ணப்பதாரராகச் சேர்க்கலாம். அவர் கையில் 14,000 வாங்கினால் இருவருக்கும் சேர்த்து 40,000 ஆகிறது. ஏஜென்ட் போலியாகப் போட்ட அதே எண் நிஜமாகவே வந்துவிடும். நடப்பில் பைக் லோன், பர்சனல் லோன் இருந்தால் அதை முதலில் முடித்தால் இ.எம்.ஐ வரம்பு விடுபடும். வயது அனுமதித்தால் 20 ஆண்டை 25 ஆண்டாக நீட்டலாம். மொத்த வட்டி கூடும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். கையில் வாங்கும் வருமானம் உள்ளவர்களை நேரில் விசாரித்துக் கடன் தரும் வீட்டுக்கடன் நிறுவனங்களும் இருக்கின்றன. அங்கே வட்டி சற்று அதிகம்.

ஏஜென்ட் வழியாகப் போகும்போது ஒரே ஒரு பழக்கம் போதும். ஸ்லிப்பையும் ஸ்டேட்மென்ட்டையும் முடிந்தவரை வங்கியின் தளத்தில் நீங்களே ஏற்றுங்கள். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் முன் "மாத வருமானம்" என்ற கட்டத்தில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். காலியாக இருந்தால் உங்கள் கையாலேயே நிரப்புங்கள்.

இன்னொன்று, இன்று இரவே செய்து பார்க்கலாம். உங்கள் ஸ்லிப்பில் பி.எஃப் தொகையை 0.12 ஆல் வகுத்துப் பாருங்கள். வரும் எண் உங்கள் அடிப்படைச் சம்பளத்தோடோ 15,000-உடனோ ஒத்துப்போகிறதா? பாஸ்புக்கில் இருப்பதோடு சேர்கிறதா? சேரவில்லை என்றால் லோன் அதிகாரி கேட்பதற்கு முன் நீங்கள் ஹெச்.ஆர்-இடம் கேட்டுவிடுங்கள். கம்பெனி பிடித்த பணத்தைக் கட்டவில்லை என்பதுகூட அப்போது தெரியவரலாம்.